நீல டிக்கை ஆஃப் பண்ணியும் மாட்டிக்கிட்ட கதை

கேள்வி: வாட்ஸ்அப்ல நீல டிக், டைப்பிங், லாஸ்ட் சீன் இதெல்லாம் எதுக்குத்தான் வச்சிருக்காங்க? நான் மெசேஜ் படிச்சது, ஆன்லைன்ல இருக்கறது இதெல்லாம் மத்தவங்களுக்குத் தெரியாம பண்ண வழி இருக்கா?

பதில்:

வழி இருக்கு, ஆனா முழுசா இல்ல. எது மறையும் எது மறையாதுன்னு தெரியாம ஒரே ஒரு சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு நிம்மதியா இருந்தீங்கன்னா என்னை மாதிரியே சங்கடப்படுவீங்க, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

நான் சிங்கப்பூர்ல யீஷூன்ல வீட்டுலயே தமிழ் டியூஷன் எடுக்கறேன். தொடக்கப்பள்ளி முடிக்கறப்ப எழுதற பிஎஸ்எல்இ பரீட்சையோட வாய்மொழித் தேர்வு நெருங்கும்போது பெத்தவங்க மெசேஜ் நிக்கவே நிக்காது, அவங்க பயம் அவங்களுக்கு, அதை நான் தப்பு சொல்லல. ஒரு நாள் ராத்திரி பத்தே முக்காலுக்கு ஒரு அம்மா பையனோட கட்டுரையை ஃபோட்டோ எடுத்து அனுப்பி "டீச்சர் இது சரியா இருக்கா"ன்னு கேட்டிருந்தாங்க. படுத்துக்கிட்டே திறந்து பாத்தேன், காலைல நிதானமா படிச்சு எழுதலாம்னு வச்சுட்டேன். காலைல ஏழு மணிக்கு அவங்க கிட்ட இருந்து "நேத்து 10.47க்கே பாத்துட்டீங்களே டீச்சர், ஏதாச்சும் கோவமா?"ன்னு மெசேஜ். மனசு ரொம்பக் கஷ்டமா போச்சு. கோவமே இல்ல, தூக்கம்தான்.

அவங்களுக்கு நிமிஷக் கணக்கா எப்படித் தெரிஞ்சுதுன்னா, தான் அனுப்பின மெசேஜை அழுத்திப் பிடிச்சு Info போனா Delivered எத்தன மணி, Read எத்தன மணின்னு ரெண்டும் தனித்தனியா காட்டும். இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்துலதான் உங்க "எதுக்கு"ங்கற கேள்விக்கே பதில் இருக்கு.

ரெண்டு சாம்பல் டிக் வர்றது அந்த சிஸ்டத்துக்கே தேவை. நீங்க அனுப்பினது முதல்ல சர்வருக்குப் போகும், அது ஒரு டிக். எதிராளி ஃபோன் ஆஃப்ல இருந்தா சர்வர் அதைப் பிடிச்சு வச்சுக்கிட்டுக் காத்திருக்கும், வாட்ஸ்அப்ல 30 நாள் வரைக்கும். அந்த ஃபோன் "கெடச்சுடுச்சு"ன்னு ஒரு சின்ன சிக்னல் திருப்பி அனுப்பினாத்தான் சர்வர் தன்கிட்ட இருக்கறத அழிக்கும், உங்க பக்கம் ரெண்டாவது டிக் விழும். அந்த சிக்னல் இல்லேன்னா மெசேஜ் தொலைஞ்சுதா போய்ச் சேந்துச்சான்னே யாருக்கும் தெரியாது, அதனால இதை மறைக்க எந்த செட்டிங்கும் கெடையாது.

நீல டிக் அப்படி இல்ல. மனுஷன் திறந்து பாத்தாரான்னு சொல்றது, மெசேஜ் போய்ச் சேர அது தேவையே இல்ல. ஈமெயில்லயும் இதே ரெண்டும் தனித்தனி விஷயமா உண்டு, ஆனா அங்க "படிச்சுட்டேன்னு சொல்லவா"ன்னு பொதுவா உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் அனுப்பும். பிளாக்பெர்ரி மெசஞ்சர் வச்சிருந்தவங்களுக்கு Delivered-க்கு D, Read-க்கு R-னு வர்ற எழுத்து ஞாபகம் இருக்கும், அதுலதான் கேக்காமலே காட்டற பழக்கம் நமக்கெல்லாம் வந்துச்சுன்னு நெனைக்கறேன். வாட்ஸ்அப்ல நீலம் வந்தது 2014 நவம்பர்ல, வந்த கொஞ்ச நாள்லயே எதிர்ப்பு கெளம்பி ஆஃப் பண்ற வசதியையும் குடுத்தாங்க.

டைப்பிங் காட்டறது வேற காரணத்துக்கு. நேர்ல பேசறப்ப எதிர்ல உள்ளவங்க வாயெடுக்கறதப் பாத்து நாம நிறுத்திக்குவோம், எழுத்துல அது தெரியாததால ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அனுப்பிக் குழம்பும், அதுக்காக வந்தது. நீங்க எழுதறது எதுவும் அந்தப் பக்கம் போகாது, "எழுதறாங்க", "நிறுத்திட்டாங்க"ன்னு ரெண்டு தகவல்தான் போகும். டெலிகிராம்ல அந்த "எழுதறாங்க"ங்கறது ஆறு செகண்டுதான் தாங்கும், நீங்க தொடர்ந்து எழுதினா ஆப் திரும்பத் திரும்ப அனுப்பிக்கிட்டே இருக்கும். அதனால டைப்பிங் வந்து வந்து நின்னா அவங்க அழிச்சு அழிச்சு எழுதறாங்கன்னு அர்த்தம் பண்ணிக்க வேணாம், யோசிச்சிருக்கலாம், அடுப்பைப் பாக்கப் போயிருக்கலாம்.

லாஸ்ட் சீன் வந்த கதை வேற மாதிரி. 2009ல வாட்ஸ்அப் ஆரம்பிச்சப்ப அது மெசேஜ் ஆப்பே இல்ல, பேருக்குப் பக்கத்துல "வேலைல இருக்கேன்", "பேட்டரி தீரப்போகுது"ன்னு நிலவரம் போடற ஆப். இப்ப கூப்பிடலாமா வேணாமான்னு ஒருத்தருக்குத் தெரியணும், அவ்ளோதான் நோக்கம். மயிலாடுதுறைல இருக்கற என் அம்மா இன்னிக்கும் அதை அதுக்குத்தான் பாக்கறாங்க. ஒண்ணு சொல்லணும், அந்த நேரம் பாக்கறவங்க ஃபோனோட கடிகாரப்படிதான் தெரியும். இங்க நான் ராத்திரி பன்னெண்டுக்கு ஃபோனை வச்சா அம்மாவுக்கு ஒன்பதரைன்னு காட்டும், அவங்க நான் சீக்கிரமே படுத்துட்டேன்னு நெனச்சுக்குவாங்க.

சரி, என் கதைக்கு வர்றேன். அந்த மெசேஜ் வந்த அன்னிக்கே Settings போயி Privacy-ல Read receipts ஆஃப் பண்ணிட்டேன். பதிலுக்கு நானும் மத்தவங்க நீல டிக்கைப் பாக்க முடியாது, அதோட ஸ்டேட்டஸ் போட்டா யாரு பாத்தாங்கன்னும் தெரியாது, அது பரவால்லன்னு விட்டுட்டேன். ரெண்டு வாரம் அமைதியா போச்சு. அப்புறம் அதே அம்மா பெத்தவங்க குரூப்ல ஒரு கேள்வி போட்டாங்க, நான் பாத்துட்டு மறுநாள் வகுப்புல சொல்லிக்கலாம்னு விட்டேன், அவங்க Info திறந்து பாத்திருக்காங்க, Read by கீழ என் பேரும் நேரமும் அப்படியே இருந்திருக்கு. குரூப்ல அந்த சுவிட்ச் வேலையே செய்யாது, இதைத்தான் நெறைய பேர் கவனிக்கறதில்ல. வாய்ஸ் மெசேஜும் அப்படித்தான், நீங்க ப்ளே பண்ணின உடனே அனுப்பினவங்க ஃபோன்ல அந்த மைக் படம் நீலமாயிடும், தனி சாட்டா இருந்தாலும் சரி.

அது போக Online-னு மேல தெரியறது தனி. ஆப் திறந்து நெட்ல இருக்கீங்கன்னு மட்டும்தான் அது சொல்லுது, அவங்க மெசேஜைப் படிச்சீங்கன்னு சொல்லல, ஆனா பாக்கறவங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. "ஆன்லைன்ல இருக்கீங்க, எனக்கு மட்டும் பதில் இல்ல"ன்னு வருத்தப்படுவாங்க. அதை மறைக்க Privacy-ல Last seen and online திறங்க, மேல Everyone, My contacts, My contacts except..., Nobody-ன்னு நாலு இருக்கும், கீழ Online-க்கு Everyone இல்லேன்னா Same as last seen. மேல Nobody போட்டுட்டுக் கீழ Everyone-லயே விட்டுடறது பலரும் பண்ற தப்பு, அப்ப நீங்க ஆப் திறந்த ஒவ்வொரு தடவையும் எல்லாருக்கும் Online காட்டும்.

நான் வச்சிருக்கறது My contacts except..., அதுல பெத்தவங்க பேரை மட்டும் டிக் பண்ணிட்டு, கீழ Same as last seen. என் அம்மாவுக்குத் தெரியும், டியூஷன் ஆளுங்களுக்குத் தெரியாது. அவங்களோடத நானும் பாக்க முடியாது, அது நியாயந்தானே. புது மாணவர் சேர்ந்தா அவங்க அம்மா அப்பா நம்பரை மறக்காம அந்த லிஸ்ட்ல சேக்கணும், அது தானா சேராது. நீல டிக்குக்கு மட்டும் இப்படி ஆள் பாத்து வைக்கற வசதி வாட்ஸ்அப்ல இல்ல, எல்லாருக்கும் ஆன் இல்லேன்னா எல்லாருக்கும் ஆஃப்.

டைப்பிங்குக்கு வாட்ஸ்அப்ல சுவிட்சே கெடையாது. வாய்ஸ் பதிவு பண்றப்ப வர்ற recording audio… அதுவும் அப்படித்தான். நீளமா யோசிச்சு எழுத வேண்டியதுன்னா நோட்ஸ்ல எழுதி முடிச்சுட்டு காப்பி பண்ணி ஒட்டுங்க, நான் மார்க் விவரமெல்லாம் அப்படித்தான் அனுப்பறேன். ஃப்ளைட் மோடு போட்டுட்டுப் படிக்கறேன்னு சிலர் சொல்வாங்க, அது தள்ளிப்போடறது மட்டும்தான், திரும்ப நெட் வந்ததும் நீல டிக் விழுந்துடும். நோட்டிஃபிகேஷனை இழுத்து விட்டு ஆப் திறக்காம படிச்சா டிக் மாறாது, சின்ன மெசேஜுக்கு அது போதும்.

உங்ககிட்ட யாராச்சும் மறைச்சு வச்சிருக்காங்களான்னு தெரியணும்னா, அவங்க பதில் போட்டதுக்கப்புறமும் உங்க மெசேஜ்ல டிக் சாம்பலாவே இருந்தா ஆஃப்ல வச்சிருக்காங்கன்னு வச்சுக்கலாம். ரொம்ப நாளா ஒரே டிக்கா இருந்தா அது வேற, ஃபோன் நெட்ல இல்ல, இல்லேன்னா பிளாக் பண்ணியிருக்கலாம்.

மத்த ஆப்லாம் சுருக்கமா சொல்லிடறேன். சிக்னல்ல Read receipts, Typing indicators ரெண்டையுமே ஆஃப் பண்ணலாம், லாஸ்ட் சீன்னு ஒண்ணே அதுல இல்ல, இந்த விஷயத்துல எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். டெலிகிராம்ல லாஸ்ட் சீனை மறைச்சா last seen recently-ன்னு பொத்தாம் பொதுவா காட்டும், ஆனா ரெண்டாவது டிக் அங்க படிச்சதுக்குத்தான், அதை நிறுத்த முடியாது. ஐபோன் மெசேஜ்ல Send Read Receipts ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியா வைக்கலாம், இன்ஸ்டாகிராம்லயும் அந்தந்த சாட்டுக்குள்ள போயி ஆஃப் பண்ணலாம்.

கடைசில டியூஷனுக்குன்னு தனி நம்பர் வாங்கி அதுல வாட்ஸ்அப் பிசினஸ் போட்டேன். அதுல Away message இருக்கு, நேரம் குறிச்சு வச்சா தானா போகும். ராத்திரி ஒன்பதுல இருந்து காலை ஒன்பது வரைக்கும் "மெசேஜ் கெடச்சுது, நாளைக்குப் பகல்ல பதில் போடறேன்"னு போகுது. அந்த நம்பர்ல நீல டிக் ஆன்லயேதான் இருக்கு. அந்த அம்மா இப்பவும் ராத்திரிலதான் கட்டுரை அனுப்பறாங்க, காலைல ஏழு மணி மெசேஜ் மட்டும் வர்றதில்ல.