வெள்ளை நீலமாக, சாம்பல் நடுவில் இளஞ்சிவப்பாக

"டர்பன்ல இருக்கேன். திரை நிறத்தை அளக்கும் கலரிமீட்டர் இல்லை. மானிட்டர்ல வெள்ளை நீலமடிக்குது, சாம்பல் பட்டை நடுவுல மட்டும் இளஞ்சிவப்பு. எதை முதல்ல திருத்துறது?"

வணக்கம். முதலில் வெள்ளையைத் திருத்துங்கள். மானிட்டரை அரை மணி நேரம் எரியவிட்டு, Night light-ஐ அணைத்துவிடுங்கள். ஒப்பிட, பளபளப்பில்லாத வெள்ளைத் தாளைத் தெற்குச் சன்னலோரம், மேகமூட்டமான நண்பகலில் வையுங்கள். நம் டர்பனில் வெயில் வடக்குப் பக்கம் விழுவதால் தெற்குச் சன்னல்தான் நேர்வெயில் படாதது. அந்த ஒளி ஏறத்தாழ 6500 கெல்வின். மிக வெண்மையான அச்சுத்தாள் வேண்டாம். அதிலுள்ள வெளுப்பூட்டி தாளையே நீலமாக்கும்.

திரையின் வெளிச்சத்தைத் தாளுக்குச் சமமாக்கி, மானிட்டரின் User நிற அமைப்பில் நீலத்தை 100-இலிருந்து இரண்டிரண்டாகக் குறையுங்கள். மற்ற நிறங்களை 100-க்கு மேல் ஏற்றாதீர்கள். வெளிர்சாயல்கள் வெள்ளையோடு கலந்துவிடும். மானிட்டர் சோதனைப் படங்கள் உள்ள லாகோம் தளத்தின் White saturation படத்தில் 254-ஆம் கட்டம் மங்கலாகவாவது தெரிய வேண்டும். கண் சீக்கிரம் பழகிவிடும், எனவே ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் சன்னலைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

பிறகு அதே தளத்தின் Gradient படத்தை 100% அளவில் திறங்கள். பட்டை முழுக்க ஒரே சாயல் என்றால் வெள்ளை இன்னும் சரியாகவில்லை. நடுவில் மட்டும் என்றால் மானிட்டரின் நீல அளவுகோல் உதவாது, நடுச்சாயல்களின் வெளிச்சத்தைத் தீர்மானிக்கும் காமா வளைவு பிசகியிருக்கிறது. பெரும்பாலும் கணினியில் உள்ள பழைய ஐசிசி நிறக் கோப்பு காரணம். அதை நீக்கி sRGB-ஐ வைத்துப் பாருங்கள். தலையை அசைத்தால் சாயல் மாறினால் அது திரையின் பார்வைக் கோணக் குறை, அமைப்பால் தீராது.