0.0097ஐ 9.488ஓடு ஒப்பிடக் கூடாது

கேள்வி: காபித்தூள் அரைத்து விற்கிறோம். கல்லூரிப் பக்கம் கிளை போடும் எண்ணத்தில், கடைக்கு வந்த 200 பேரிடம் வயதையும் பிடித்த தூளையும் கேட்டு எழுதினேன். எக்செல்லில் CHISQ.TEST போட்டால் 0.0097 வருகிறது. மகளின் பாடப்புத்தகம் 9.488ஐத் தாண்ட வேண்டும் என்கிறது. என்னுடையது மிகச் சிறியது. அப்படியானால் வயதுக்கும் தூளுக்கும் சம்பந்தமே இல்லையா?

பதில்: சம்பந்தம் இருக்கிறது. உங்கள் கணக்கு சரி, ஒப்பிட்டதுதான் தவறு. CHISQ.TEST உங்களுக்குத் தருவது கை ஸ்கொயர் மதிப்பு அல்ல, பி மதிப்பு. தொடர்பே இல்லையென்றால் வர வேண்டிய எண்களிலிருந்து உங்கள் எண்கள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதன் அளவுதான் கை ஸ்கொயர். தொடர்பே இல்லாதபோதும் அவ்வளவு விலகல் தற்செயலாக வரும் வாய்ப்புதான் பி. 9.488 என்பது கை ஸ்கொயருக்கான எல்லை. பி மதிப்பை 0.05ஓடு ஒப்பிட வேண்டும், அது அதைவிடச் சிறியதாக இருந்தால் சம்பந்தம் உண்டு என்று கொள்வார்கள். கை ஸ்கொயர் என்றால் பெரிதாக இருக்க வேண்டும், பி என்றால் சிறிதாக இருக்க வேண்டும். இரண்டும் எதிர்த் திசையில் ஓடுபவை என்பதால் நிறையப் பேர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

நீங்கள் அனுப்பிய எண்கள் இவை. 80:20 என்றால் காபி 80 பங்கு, சிக்கரி 20 பங்கு, 60:40உம் அப்படியே:

| வயது | பியூர் | 80:20 | 60:40 | மொத்தம் |
|---|---|---|---|---|
| 35க்குக் கீழ் | 24 | 24 | 12 | 60 |
| 35 முதல் 55 | 18 | 38 | 24 | 80 |
| 55க்கு மேல் | 8 | 28 | 24 | 60 |
| மொத்தம் | 50 | 90 | 60 | 200 |

வயதுக்கும் தூளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 200 பேரில் 50 பேர் சிக்கரி இல்லாத பியூர் தூள் கேட்டிருக்கிறார்கள், அதாவது நான்கில் ஒருவர். வயது ஒரு பொருட்டே இல்லையென்றால் இளைஞர்கள் 60 பேரிலும் நான்கில் ஒருவர், 15 பேர்தான் பியூர் கேட்டிருக்க வேண்டும். கேட்டவர்களோ 24 பேர். இந்த 15தான் எதிர்பார்க்கும் எண்ணிக்கை. வரிசை மொத்தத்தையும் பத்தி மொத்தத்தையும் பெருக்கி, முழு மொத்தத்தால் வகுத்தால் ஒவ்வொரு கட்டத்துக்கும் இது கிடைத்துவிடும். இங்கே 60 × 50 ÷ 200.

வித்தியாசம் 9. அதை வர்க்கப்படுத்தினால் 81, அதை 15ஆல் வகுத்தால் 5.40. ஒன்பது கட்டத்துக்கும் இப்படிப் போட்டுக் கூட்டினால் 13.35 வருகிறது. 9.488ஓடு ஒப்பிட வேண்டிய எண் இதுதான், அதைத் தாண்டிவிட்டது. தரவு B2 முதல் D4 வரையிலும், மொத்தங்கள் E பத்தியிலும் 5ஆம் வரிசையிலும் இருந்தால் எக்செல்லில் இப்படிச் சரிபார்க்கலாம். முதல் வரியை B8இல் எழுதி D10 வரை இழுங்கள்:

```
=$E2*B$5/$E$5
=CHISQ.TEST(B2:D4,B8:D10)
=CHISQ.INV.RT(CHISQ.TEST(B2:D4,B8:D10),4)
```

இரண்டாவது வரியில் 0.0097 வரும், மூன்றாவதில் 13.35 வரும்.

கடைசியில் உள்ள 4 எங்கிருந்து வந்தது? அதுதான் டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம். மொத்தங்களை மாற்றாமல் நான்கு கட்டங்களை மட்டுமே நம் இஷ்டத்துக்கு நிரப்ப முடியும். மீதி ஐந்தும் கழித்தலில் தானாக விழுந்துவிடும். வரிசையில் ஒன்று குறைத்து, பத்தியில் ஒன்று குறைத்து, இரண்டையும் பெருக்கினால் 2 × 2 = 4. இந்தச் சோதனையை 1900இல் கொண்டுவந்த கார்ல் பியர்சனே இதைத் தவறாக எடுத்துக்கொண்டார். மொத்தக் கட்டங்களில் ஒன்றை மட்டும் கழித்தார். அதை 1922இல் திருத்தியவர் ரொனால்ட் ஃபிஷர். பியர்சன் வழியில் உங்கள் அட்டவணைக்கு 8 வரும், எல்லை 15.507 ஆகிவிடும். அப்போது 13.35 எட்டாமல் போய், முடிவே தலைகீழாகியிருக்கும். பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோகும் விதிதான், ஆனாலும் அதற்கு இவ்வளவு கனம்.

இனி 0.0097 சொல்வது என்ன என்று பார்ப்போம். வயதுக்கும் தூளுக்கும் உண்மையில் தொடர்பே இல்லாவிட்டாலும், இதே போல நூறு முறை கேட்டுப் பார்த்தால் ஏறக்குறைய ஒரு முறை தற்செயலாகவே இவ்வளவு பெரிய வித்தியாசம் வரலாம். அவ்வளவுதான் அதன் பொருள். "99 சதவீதம் தொடர்பு உறுதி" என்று அதைப் படிக்கக் கூடாது. தொடர்பு எவ்வளவு பலமானது என்றும் அது சொல்லாது. இதே விகிதத்தில் 50 பேரை மட்டும் கேட்டிருந்தால் கை ஸ்கொயர் 3.34ஆகச் சுருங்கி, தொடர்பு இருப்பதாகச் சொல்லவே முடியாமல் போயிருக்கும். விகிதம் அதேதான், ஆட்கள் மட்டும்தான் குறைவு. அட்டவணையில் சதவீதத்தை நிரப்பிச் சோதனை போடக் கூடாது என்பது இதனால்தான். தலைகளை எண்ணிய எண்தான் வேண்டும்.

பலத்தை அறிய 13.35ஐ 400ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். 400 என்பது 200 பேரை, வரிசை பத்தி இரண்டில் சிறியதில் ஒன்று குறைத்த 2ஆல் பெருக்கியது. விடை 0.18. கிராமரின் வி என்று இதற்குப் பெயர். பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை போகும் அளவுகோலில் 0.18 என்பது மிதமானது. இருக்கிறது, ஆனால் வயதைக் கேட்டவுடன் தூளைச் சொல்லிவிடும் அளவுக்கு இல்லை.

கடைக்காரராக நீங்கள் ஊன்றிப் பார்க்க வேண்டியது, அந்த 13.35 எந்தக் கட்டங்களிலிருந்து வந்தது என்பதைத்தான். இளைஞர் பியூர் கேட்ட கட்டத்தில் 5.40, பெரியவர் பியூர் கேட்ட கட்டத்தில் 3.27. இந்த இரு வயதினரின் 60:40 கட்டங்களில் தலா 2. இந்த நான்கு கட்டங்களே 12.67ஐக் கொண்டுவந்துவிட்டன. நடுவயது வரிசையும் 80:20 பத்தியும் சேர்ந்து 0.7ஐக் கூடத் தொடவில்லை. அதாவது 80:20 எல்லா வயதினருக்கும் பொதுவாகப் போகிற சரக்கு. வயது விளையாடுவது இரு முனைகளில்தான்: இளைஞர்கள் பியூர் பக்கம், 55 தாண்டியவர்கள் சிக்கரி தூக்கலாக உள்ள பக்கம்.

இரண்டு இடங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முதலாவது, அந்த 200ம் 200 தனி ஆட்கள்தானா? வாரத்துக்கு ஒரு தடவை கால் கிலோ வாங்க வருபவரை நான்கு தடவை எழுதியிருந்தாலோ, ஒருவரே பியூரும் வேண்டும், 80:20உம் வேண்டும் என்றதற்கு இரண்டு கோடு போட்டிருந்தாலோ சோதனை செல்லாது. ஒரு பலகாரக் கடைக்குக் கணக்குப் பார்த்தபோது நான் இதில் மாட்டியிருக்கிறேன். பில்களை ஆட்களாக எண்ணிவிட்டேன், முடிவை மொத்தமாகத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. எக்செல் இதை எச்சரிக்காது, நோட்டைப் புரட்டி நீங்கள்தான் பார்க்க வேண்டும். இரண்டாவது, எதிர்பார்க்கும் எண்ணிக்கை 5க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. உங்களிடம் மிகக் குறைந்ததே 15, கவலையில்லை. நாளை பீபெரி என்று ஒரு பத்தி சேர்த்து, அதை ஆறு பேர்தான் கேட்டார்கள் என்றால் இளைஞர் கட்டத்தில் 1.8 வரும். அப்போது அதைப் பியூரோடு சேர்த்துவிடுங்கள்.

கிளை விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்ட இளைஞர்கள் இப்போதைய கடைக்கு வருபவர்கள், வீட்டில் ஃபில்டர் வைத்திருப்பவர்கள். விடுதி மாணவர்கள் அப்படி இல்லாமலிருக்கலாம், இந்த 13.35 அவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதனால் 80:20ஐ வழக்கம்போல் நிறைய வைத்து, பியூரைச் சிறு பாக்கெட்டாக முன்னால் அடுக்குங்கள். 60:40ஐக் கேட்டவர்களுக்கு மட்டும் அரைத்துக் கொடுங்கள். கிளை திறக்குமுன் கல்லூரி வாசலில் ஒரு நூறு பேரிடமாவது, தலைக்கு ஒரு முறை மட்டும், இதே கேள்வியோடு "ஃபில்டர் இருக்கிறதா" என்பதையும் சேர்த்துக் கேட்டு எழுதி வாருங்கள்.