சாட்பாட் எழுதியதை அதையே குறை கண்டுபிடித்து மாற்றி எழுதச் சொல்கிறேன். முதலில் நன்றாகிறது, நாலைந்து தடவைக்கு மேல் போனால் மோசமாகிறது. எங்கே நிறுத்துவது?

மோசமாகிறது என்று நீங்களாகவே கண்டுபிடித்துவிட்டீர்கள். எனக்கு அது ஒரு வாடிக்கையாளர் போன் செய்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. அதனால்தான் வேலையை விட்டுவிட்டு இதற்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் ஒரே உரையாடலுக்குள் உட்கார்ந்துகொண்டு, "இதில் என்ன குறை? சரிசெய்து மறுபடி எழுது" என்று கேட்டுக்கொண்டே போகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நானும் அதைத்தான் செய்தேன், ஆறு தடவை.

சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரு நாள் காலை 10:12-க்கு எங்கள் சேவை ஒன்று படுத்துவிட்டது, 10:59-க்குத்தான் எழுந்தது. மொத்தம் 47 நிமிடம். காரணம் ரொம்பச் சாதாரணமானது: சர்வர் தன் நடவடிக்கைகளைப் பதிவு செய்துகொண்டே போகும் லாக் கோப்புகள் டிஸ்க்கை நிரப்பிவிட்டன. பழைய லாக்குகளை இரவில் அழிக்கும் வேலையை மூன்று வாரம் முன்பு சர்வர் மாற்றும்போது நிறுத்தி வைத்திருந்தோம், திரும்ப ஓடவிட மறந்துவிட்டோம். டிஸ்க் நிரம்புகிறது என்று அலர்ட் மெயில் போகாமல் இல்லை. அது வேலையை விட்டுப் போன ஒருவரின் மெயில் பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்களுக்கு விஷயம் தெரிந்ததே 10:31-க்கு, ஒரு வாடிக்கையாளர் போன் செய்தபோதுதான்.

(இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்த மெயில் பெட்டியை மாற்றச் சொல்லி நான் பல மாதங்களுக்கு முன்பே கோரிக்கை டிக்கெட் போட்டிருந்தேன். "முன்னுரிமை குறைவு" என்று மூடிவிட்டார்கள். சேவை விழுந்த அன்று, "ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை" என்று என்னைக் கேட்டதும் அதே ஆள்தான். சரி, அது வேறு கதை.)

நடந்ததை விளக்கி வாடிக்கையாளர்களுக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். என் குறிப்புகளைச் சாட்பாட்டிடம் கொடுத்து வரைவு எழுதச் சொன்னேன். வந்தது சுமார்தான். அதையே விமர்சிக்கச் சொன்னேன்.

முதல் சுற்று உண்மையிலேயே நன்றாக இருந்தது. "படிப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது தன் தரவு பத்திரமாக இருக்கிறதா என்பதுதான், அது கடிதத்தில் எங்குமே இல்லை, காரணம் நான்காவது பத்தியில் கிடக்கிறது" என்றது. இரண்டுமே சரி. தரவு எதுவும் அழியவில்லை என்பது என் குறிப்பில் இருந்தது, வரைவில்தான் விட்டுப்போயிருந்தது. இரண்டாவது சுற்றில், "இனி நடக்காமல் பார்த்துக்கொள்வோம் என்று இருக்கிறது, என்ன செய்வீர்கள், எப்போதைக்குள் என்று இல்லை" என்றது. அதுவும் நியாயம். சேர்த்தோம். கடிதம் அங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் எனக்கு ருசி கண்டுவிட்டது. இரண்டு தடவையில் இவ்வளவு தேறியிருக்கிறதே, இன்னும் இரண்டு தடவை கேட்டால் என்ன என்று தோன்றியது.

மூன்றாவது சுற்றில் "தொனி சற்றுக் கடினமாக இருக்கிறது" என்றது. நான்காவதில் வாக்கியங்கள் துண்டுதுண்டாக இருக்கின்றன, சேர்க்கலாம் என்றது. ஐந்தாவதில் வாக்கியங்கள் நீளமாக இருக்கின்றன, சுருக்கலாம் என்றது! தான் சேர்த்ததைத் தானே பிரிக்கச் சொல்கிறது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. சுருக்கும்போது மெயில் பெட்டி விஷயம் காணாமல் போனது. ஆறாவதில் "நம்பிக்கை ஊட்டும்படி இல்லை" என்று சொல்லிவிட்டு அதையும் சரிசெய்தது.

இரண்டாவது வரைவில் இருந்த வரிகள் இவை:

"10:31-க்கு ஒரு வாடிக்கையாளர் அழைத்த பிறகே எங்களுக்குத் தெரிந்தது. டிஸ்க் நிரம்பும் எச்சரிக்கை, யாரும் பார்க்காத ஒரு மெயில் பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது."

ஆறாவது வரைவில் அதே இடத்தில் இருந்தது இது:

"சேமிப்பகம் தொடர்பான எதிர்பாராத சிக்கலை எங்கள் குழு உடனடியாகக் கண்டறிந்து, விரைந்து செயல்பட்டு, சுமார் ஒரு மணி நேரத்துக்குள் சேவையை முழுமையாக மீட்டெடுத்தது."

படிக்கும்போது ஆறாவது வரைவுதான் வழுக்கிக்கொண்டு போகிறது, இல்லையா? நானும் அப்படித்தான் ஏமாந்தேன். 47 நிமிடம் "சுமார் ஒரு மணி நேரம்" ஆகிவிட்டது, எங்களுக்கே பாதகமாக. டிஸ்க் "சேமிப்பகம்" ஆகிவிட்டது. "உடனடியாகக் கண்டறிந்து" என்பது என் குறிப்பில் எங்கும் இல்லை. 19 நிமிடம் எங்களுக்குத் தெரியவே தெரியாது. கடிதம் போன மறுநாள், அன்று 10:31-க்கு அழைத்த அதே வாடிக்கையாளர் மறுபடி அழைத்தார். "நான் சொல்லித்தானே உங்களுக்குத் தெரிஞ்சது? இதுல உடனடியாகன்னு போட்டிருக்கீங்களே?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

"நீ அனுப்புவதற்கு முன் படித்திருக்க வேண்டும்" என்று யாராவது வந்து சொல்வீர்கள். படித்தேன். ஆறாவது தடவையாகப் படித்தேன், அதுதான் பிரச்சினை. ஒரே கடிதத்தை அத்தனை தடவை பார்த்த கண், அங்கே இல்லாததையும் இருப்பதாகவே படித்துக்கொண்டு போகும். மெயில் பெட்டி வரி எங்கோ இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த அவமானத்துக்கு அப்புறம் சில சோதனைகள் செய்து பார்த்தேன். எல்லாரும் திருத்தி முடித்து எப்போதோ அனுப்பிய பழைய அறிக்கை ஒன்றைப் புது உரையாடலில் போட்டு, "ஐந்து குறை சொல்" என்றேன். ஐந்து சொன்னது. சரியாக ஐந்து, அதே தன்னம்பிக்கையோடு. குறை கேட்டால் குறை வரும். குறை இருக்கிறது என்ற முடிவு நம் கேள்விக்குள்ளேயே இருக்கிறது, சாட்பாட் மறுத்துப் பேசாமல் நம் வழிக்கே வருகிறது. இன்னொரு சோதனையில் இரண்டாவது வரைவையும் ஆறாவதையும் அருகருகே கொடுத்து எது மேல் என்று கேட்டேன். முதலில் வைத்தது மேல் என்றது. இடம் மாற்றி வைத்துக் கேட்டேன். அப்போதும் முதலில் வைத்ததுதான் மேல்! வரிசையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் இந்தச் சாய்வு இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த குறைதான். எனக்குத்தான் தெரியாமல் போயிற்று.

இதில் ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. 2023-இல் 'செல்ஃப்-ரிஃபைன்' என்ற ஆய்வில் மாடல் தன் வரைவுக்குத் தானே கருத்துச் சொல்லித் திருத்தியபோது பல வகை வேலைகளில் தரம் கூடியது. ஆனால் லாபத்தில் பெரும்பகுதி ஆரம்பச் சுற்றுகளிலேயே வந்துவிட்டது, கணக்குப் போடும் வேலையில் மட்டும் பெரிய பலன் இல்லை. அதே ஆண்டில் கூகுள் டீப்மைண்ட் ஆட்கள் செய்த இன்னொரு ஆய்வில், வெளியிலிருந்து எந்தத் தகவலும் தராமல் "உன் விடையைச் சரிபார்" என்று மட்டும் சொன்னபோது, தர்க்கக் கணக்குகளில் மாடல் சரியான விடைகளையும் மாற்றித் தப்பாக்கியதால், மொத்த மதிப்பெண் குறைந்தது. என் கடிதத்துக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். முதல் இரண்டு சுற்றில் என் குறிப்பில் இருந்து வரைவுக்கு வராத விஷயங்கள் மிச்சம் இருந்தன, அதனால் கண்டுபிடிக்க ஏதோ இருந்தது. மூன்றாவது சுற்றில் புதிதாக எதுவும் உள்ளே வரவில்லை. தான் எழுதியதைத் தானே படித்து, எல்லாக் கடிதங்களிலும் வழக்கமாக இருக்கும் சொற்களை நோக்கி அது நகர ஆரம்பித்துவிட்டது. மெயில் பெட்டி போன்ற வித்தியாசமான விவரம்தான் அப்போது முதலில் உதிரும், ஏனென்றால் வேறு எந்தக் கடிதத்திலும் அது இருக்காது.

எண்ணிக்கை கேட்டீர்கள், நான் எண்ணிக்கை பார்த்து நிறுத்துவதில்லை. விமர்சனத்தை என் குறிப்புகளோடு ஒப்பிட முடிகிறதா என்று பார்க்கிறேன். "தரவு பத்திரமா என்று இல்லை" என்றால் குறிப்பைத் திறந்து பார்த்துச் சரியா தப்பா என்று சொல்லிவிடலாம். "தொனி", "ஓட்டம்", "ஆழம்" என்று வந்தால் ஒப்பிட எதுவும் இல்லை. அந்த மாதிரி விமர்சனம் வந்த சுற்றிலேயே நிறுத்திவிடுகிறேன், பெரும்பாலும் அது மூன்றாவதாக இருக்கிறது. முந்தைய சுற்று செய்ததை அடுத்த சுற்று பிரிக்கச் சொன்னால் மறுயோசனையே கிடையாது, ஒரு வரைவு பின்னால் போய்விடுவேன்.

பின்னால் போக வேண்டுமானால் வரைவுகள் கையில் இருக்க வேண்டும். அதனால் ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக வைத்துக்கொண்டு, அனுப்பும் முன் இதை ஓட்டிப் பார்க்கிறேன்:

```
git diff --no-index --word-diff v2.txt v6.txt
```

எந்தச் சொல் போனது, எது புதிதாக வந்தது என்று அப்படியே காட்டிவிடும். அன்று இதைச் செய்திருந்தால் "47" போனதும் "உடனடியாக" வந்ததும் கண்ணில் குத்தியிருக்கும். கமாண்ட் பழக்கம் இல்லாதவர்கள், குறிப்பில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் கடைசி வரைவில் தேடிப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

விமர்சிப்பதையும் எழுதுவதையும் இப்போது ஒரே கேள்வியில் கேட்பதில்லை. புது உரையாடல் திறந்து குறிப்பையும் வரைவையும் போட்டு, "குறிப்பில் இருந்து விட்டுப்போனது எது, குறிப்பில் இல்லாமல் வந்தது எது, வாக்கியத்தை எடுத்துக் காட்டு. இல்லையென்றால் இல்லை என்று சொல்" என்று கேட்கிறேன். அந்தக் கடைசி வரி முக்கியம். அது இருந்தால்தான் எப்போதாவது "இல்லை" என்று வருகிறது. வந்த பட்டியலில் எனக்குச் சரி என்று பட்டதை மட்டும் எடுத்து, "இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே" என்பேன். மொத்தமாக "மறுபடி எழுது" என்றால் நன்றாக இருந்த பத்தியையும் சேர்த்து அரைத்துவிடும்.

புரோகிராம் எழுதுகிறவர்கள் "நாங்கள் பத்துச் சுற்று ஓட்டுகிறோம், நன்றாகத்தான் வருகிறது" என்பீர்கள். வரும், நான் மறுக்கவில்லை. அங்கே ஒவ்வொரு சுற்றிலும் புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் ஓடி, எந்த வரியில் உடைந்தது என்று வெளியிலிருந்து ஒரு செய்தி கொண்டுவருகிறது. கடிதத்துக்கு அந்த டெஸ்ட் ஒரு மனிதர்தான். பிறகு அந்த இரண்டாவது வரைவையே எடுத்து, சர்வர் பற்றி எதுவும் தெரியாத பக்கத்து மேசைக்காரரிடம் நீட்டினேன். "அந்த மெயில் பெட்டியை இப்போ யார் பாக்கறாங்க?" என்று கேட்டார். சாட்பாட் ஆறு சுற்றிலும் கேட்காத கேள்வி. அதற்கான பதிலைக் கடிதத்தில் சேர்ப்பதற்கு நான் மறுபடி ஒரு டிக்கெட் போட வேண்டியிருந்தது.