ஏழாம் வகுப்புக்கு அலுவல் கடிதம், உறவுமுறைக் கடிதம் இரண்டையும் குழப்பமில்லாமல் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? மாதிரி கொடுத்தால் அப்படியே காப்பி அடிக்கிறார்கள்.

மாதிரியைக் கரும்பலகையில் எழுதி, அழிக்காமலே “இப்போது நீங்களே எழுதுங்கள்” என்றிருப்பீர்கள். நானும் ஆறு வருடம் அதைத்தான் செய்தேன். ஒருமுறை 38 நோட்டில் 31 பேர் என் மாதிரியில் இருந்த கற்பனைப் பெயரையே கடைசியில் போட்டிருந்தார்கள். ஒரு பையன் நூலகருக்கு “நலம், நலமறிய ஆவல்” என்று தொடங்கி, “உடனே பதில் போடு” என்று முடித்திருந்தான். சிரித்துவிட்டேன்; ஆனால் தப்பு என்னுடையதுதான். உறவுமுறைக் கடிதத்தை ஒரு வாரமும் அலுவல் கடிதத்தை இன்னொரு வாரமும் வேறு வேறு விஷயத்தில் நடத்தியிருந்தேன். இரண்டும் எங்கே பிரிகின்றன என்பதை அவன் பார்க்கவே இல்லை.

அப்புறம் ஒரே சம்பவத்துக்கு இரண்டு மாதிரி எழுதினேன். இரவல் வாங்கிய புத்தகம் மழையில் நனைந்துவிட்டது. நண்பனுக்கு: “டேய், அந்தப் புத்தகம் நனைந்து அப்பளமாகிவிட்டது. நூலகரிடம் எப்படிச் சொல்வது என்று பயமாக இருக்கிறது.” நூலகருக்கு: “பொருள்: நனைந்த நூலுக்கு மாற்று நூல் தர அவகாசம் வேண்டுதல். தாங்கள் 12ஆம் தேதி எனக்கு இரவல் தந்த நூல் மழையில் நனைந்துவிட்டது. மாற்று நூல் வாங்கித் தர ஒரு வாரம் அவகாசம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.” பயம் இரண்டாவதில் காணோம், தேதியும் கெடுவும் வந்துவிட்டன. இதைப் பிள்ளைகளே சொன்னார்கள். பிறகு மாதிரிகளை அழித்துவிட்டு வேறு சம்பவம் கொடுத்தேன்: தொலைந்த சைக்கிள் சாவி.

சரிபார்ப்புப் பட்டியலிலும் அடிபட்டிருக்கிறேன். “விளி இருக்கிறதா? பொருள் இருக்கிறதா?” என்று பன்னிரண்டு கேள்வி. நோட்டைப் பார்க்காமலே பன்னிரண்டுக்கும் டிக். இப்போது நான்குதான், நான்கிலும் கை வேலை உண்டு. பக்கத்துப் பிள்ளையின் கடிதத்தில் பென்சிலால் செய்ய வேண்டும். இடமும் நாளும் உறவுமுறைக் கடிதத்தில் வலப்பக்கம் மேலே, அலுவல் கடிதத்தில் இடப்பக்கம் கீழே இருந்தால் கோடு போடு. “நீ”, “தாங்கள்”, “கொடு”, “தருமாறு” போன்ற சொற்களை வட்டமிடு. இரண்டு மரியாதையும் கலந்திருந்தால் திருப்பிக் கொடு. பொருள் வரியை மட்டும் படித்து, என்ன கேட்கிறார் என்று ஓரத்தில் எழுது. முடியவில்லை என்றால் பொருள் வரி சரியில்லை. கடைசியாக, மாதிரியிலிருந்து அப்படியே வந்த வாக்கியத்துக்கு அடிக்கோடிடு.

முழுப் பாடவேளை போய்விடும், ஒற்றுப்பிழையும் இதில் சிக்காது. அதற்குள் “நடைமுறைக்கு ஒத்து வராது” என்று கிளம்பிவிடாதீர்கள். ஆய்வுக்கு வந்த ஒருவர் பென்சில் வட்டங்களைப் பார்த்து, “சிவப்பு மையில் திருத்தவே இல்லையா?” என்று கேட்டார். யார் கற்றார்கள் என்பதைவிட எந்த மை என்பதுதான் அவர் கவலை. அதைத் தனியாகப் புலம்ப வேண்டும்.

இன்றுவரை எனக்குப் பிடிபடாதது உறைமேல் முகவரி. கடிதத்தைக் கச்சிதமாக எழுதிவிட்டு, உறையில் தங்கள் வீட்டு முகவரியையே போடுகிறார்கள்.