1.5 டர்போவா, 2.5-ஆ: மலேசியாவில் சிசி கூடினால் செலவு எங்கே கூடுகிறது?

கேள்வி: 2020-ஆம் ஆண்டு ஹோண்டா அக்கார்ட் 1.5 டர்போ ஒன்றும் டொயோட்டா கேம்ரி 2.5 ஒன்றும் ஏறக்குறைய ஒரே விலைக்கு, 90,000 ரிங்கிட்டுக்குக் கிடைக்கின்றன. சிசி பெரிதாக இருந்தால் சாலை வரி, காப்புறுதி, பெட்ரோல் மூன்றுமே ஏறும் என்கிறார்கள். உண்மையில் ஆண்டுக்கு எவ்வளவு வித்தியாசம் வரும்? கோலாலம்பூரில் ஆண்டுக்குச் சுமார் 15,000 கிலோமீட்டர் ஓட்டுவேன்.

பதில்:

மூன்றும் ஏறும்தான், ஆனால் ஒரே அளவில் ஏறுவதில்லை. சாலை வரி வெகுவாக ஏறும், காப்புறுதி சிறிதளவே ஏறும். பெட்ரோல் செலவு சிசியைவிட வண்டியின் எடையையும் நீங்கள் செல்லும் பாதையையும் பொறுத்தது.

முதலில் சாலை வரி. தீபகற்ப மலேசியாவில் தனியார் பெயரில் பதிவான செடான் கார்களுக்கு 1,600 சிசி வரை வரி மிகக் குறைவு. 1,000 சிசி வரை 20 ரிங்கிட். 1,401 முதல் 1,600 வரை 90 ரிங்கிட். அதைத் தாண்டியதும் கணக்கு முறையே மாறிவிடுகிறது. ஓர் அடிப்படைத் தொகை, அதன்மேல் கூடுதலான ஒவ்வொரு சிசிக்கும் ஒரு கட்டணம் என்று இரண்டும் சேர்ந்து வரும். 1,801 முதல் 2,000 வரை 280 ரிங்கிட்டும், 1,800-க்கு மேற்பட்ட ஒவ்வொரு சிசிக்கும் 50 சென்னும். 2,001 முதல் 2,500 வரை 380 ரிங்கிட்டும், 2,000-க்கு மேற்பட்ட ஒவ்வொரு சிசிக்கும் ஒரு ரிங்கிட்டும். 2,501 முதல் 3,000 வரை 880 ரிங்கிட்டும், 2,500-க்கு மேற்பட்ட ஒவ்வொரு சிசிக்கும் இரண்டரை ரிங்கிட்டும்.

அக்கார்டின் எஞ்சின் 1,498 சிசி. எனவே 90 ரிங்கிட்டோடு முடிந்துவிடுகிறது. நீங்கள் சொல்லும் ஆண்டின் கேம்ரி 2,494 சிசி. 380-உடன் 494 சேர்த்தால் 874 ரிங்கிட். ஆண்டுக்கு 784 ரிங்கிட் வித்தியாசம். இதில் வேடிக்கை என்னவென்றால், வரி குறைவான அக்கார்டின் திறன் சுமார் 201 குதிரைத்திறன், கேம்ரியினுடையது சுமார் 184. எஞ்சின் எவ்வளவு இழுக்கிறது என்பதை இந்த வரி பார்ப்பதில்லை, சிலிண்டர்களின் கொள்ளளவை மட்டுமே பார்க்கிறது. தயாரிப்பாளர்கள் பலர் கொள்ளளவைச் சுருக்கி டர்போவைப் பொருத்துவது இந்நாட்டு வாங்குபவருக்கு இதனால்தான் இவ்வளவு லாபமாக இருக்கிறது. 999 சிசி டர்போ எஞ்சின் கொண்ட நிசான் அல்மேராவுக்கு ஆண்டு வரி வெறும் 20 ரிங்கிட்.

பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். பிஎம்டபிள்யூ 330ஐ என்ற பெயரைப் பார்த்து மூன்று லிட்டர் எஞ்சின் என்று பயப்படுபவர்கள் உண்டு. அண்மைய மாடல்களில் அது 1,998 சிசி, வரி 379 ரிங்கிட். உண்மையிலேயே 2,998 சிசி உள்ள ஆறு சிலிண்டர் செடானுக்கு 2,125 ரிங்கிட் வருகிறது. கார் பழையதாகிவிட்டது என்பதற்காக இந்தத் தொகை குறைவதும் இல்லை. பழைய பெரிய கார்கள் சந்தையில் அவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வாங்குவதற்கு முன் வாகன உரிமைச் சான்றிதழில் எஞ்சின் கொள்ளளவு என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். வரி அந்த எண்ணைக் கொண்டுதான் கணக்கிடப்படுகிறது.

அடுத்து காப்புறுதி. இங்கேயும் சிசி அடுக்குகள் உண்டு, ஆனால் சாலை வரியின் அடுக்குகள் அல்ல. 1,400, 1,650, 2,200, 3,050 என்று எல்லைகள் வேறாக இருக்கும். தீபகற்ப மலேசியாவின் பழைய கட்டண அட்டவணைப்படி, முழுக் காப்புறுதியில் முதல் ஆயிரம் ரிங்கிட் மதிப்புக்கு அக்கார்டின் அடுக்கில் 305.50 ரிங்கிட், கேம்ரியின் அடுக்கில் 372.60 ரிங்கிட். அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆயிரம் ரிங்கிட் மதிப்புக்கும் இரண்டு கார்களுக்கும் அதே 26 ரிங்கிட்தான். 90,000 ரிங்கிட்டுக்குக் காப்புறுதி செய்தால் அக்கார்டுக்கு 2,619.50, கேம்ரிக்கு 2,686.60. வித்தியாசம் 67.10 ரிங்கிட். இழப்பீடு கோராமல் ஓட்டியவருக்குக் கிடைக்கும் என்சிடி தள்ளுபடி உங்களுக்கு 55 விழுக்காடு இருந்தால் அது ஏறக்குறைய 30 ரிங்கிட்டாகச் சுருங்கிவிடும்.

ஆகவே பிரீமியத்தைத் தீர்மானிப்பது காரின் மதிப்பும் உங்கள் என்சிடியும்தான். சிசி ஓரத்தில் நிற்கும் ஒரு காரணம் மட்டுமே. 2017 ஜூலை 1 முதல் முழுக் காப்புறுதிக்கு நிறுவனங்களே விலை நிர்ணயிக்கின்றன என்பதால், மேற்சொன்ன தொகையை ஒரு மதிப்பீடாக மட்டும் கொள்ளுங்கள். ஒரே காருக்கு இரண்டு நிறுவனங்கள் தரும் விலைகளுக்கிடையே இந்த 67 ரிங்கிட்டைவிடப் பெரிய இடைவெளி இருப்பது சாதாரணம். மூன்று இடங்களிலாவது விலை கேளுங்கள். காப்புறுதித் தொகை மூன்றிலும் ஒன்றுதானா என்பதையும் சரிபாருங்கள், ஏனெனில் மதிப்பைக் குறைத்துக் காட்டி மலிவாகத் தோன்றச் செய்வது இத்தொழிலில் எளிது.

கடைசியாக பெட்ரோல். 15,000 கிலோமீட்டருக்கு, நூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் கூடுதலாகக் குடித்தால் ஆண்டுக்கு 150 லிட்டர் கூடும். 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய புடி95 பெட்ரோல் மானியத் திட்டத்தின் 1.99 ரிங்கிட் விலையில் அது 298.50 ரிங்கிட். அதாவது சாலை வரியில் கேம்ரி இழக்கும் 784 ரிங்கிட்டுக்கு ஈடாக வேண்டுமானால், அக்கார்ட் நூறு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 2.6 லிட்டர் கூடுதலாகக் குடிக்க வேண்டும். அப்படி நடக்காது. அதே நேரத்தில், அக்கார்ட் பெட்ரோலிலும் பெரிதாக மிச்சம் பிடிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சிறிய டர்போ எஞ்சின் சீரான வேகத்தில் சிக்கனமாக ஓடும். ஆனால் நெரிசலில் நின்று நின்று அழுத்தி ஓட்டும்போதும், ஆட்களும் சாமான்களும் ஏற்றி கெந்திங் மலை ஏறும்போதும் டர்போ காற்றைத் திணிக்க, அதற்கேற்ற பெட்ரோலும் செலவாகும். உங்கள் பயன்பாட்டில் இரண்டுக்கும் இடையே ஒரு லிட்டர் வித்தியாசம் வந்தாலே அதிகம் என்பது என் கணிப்பு.

சில ஐரோப்பிய டர்போ கார்களுக்கு ரோன்97 பரிந்துரைக்கப்படுகிறது. சிசியில் மிச்சம் பிடித்ததை அது பம்ப்பிலேயே விழுங்கிவிடும். நீங்கள் கேட்கும் இரண்டு கார்களுக்கும் ரோன்95 போதும். வேறு டர்போ கார் ஏதேனும் கண்ணில் பட்டால் பெட்ரோல் மூடியின் உட்புற ஒட்டுத்தாளைப் பார்த்துவிடுங்கள்.

எனவே சிசியால் மட்டும் வரும் வித்தியாசம், என்சிடி கழித்து, ஆண்டுக்கு 815 ரிங்கிட் போல. ஐந்து ஆண்டு வைத்திருந்தால் நாலாயிரத்துச் சொச்சம். கேம்ரியை விற்பவரிடம் இந்த நாலாயிரத்தைச் சொல்லியே விலை பேசலாம். ஒரே விலைக்குத்தான் கிடைக்கும் என்றால் நான் அக்கார்டை எடுப்பேன்; ஆனால் அதற்கு முன் அதன் சர்வீஸ் பதிவுகளைக் கேட்பேன், ஏனெனில் எண்ணெய் மாற்றாமல் ஓட்டிய ஒரு டர்போவை மாற்ற வேண்டி வந்தால் அந்த ஒரே பில்லில் சில ஆண்டுச் சாலை வரி மிச்சம் போய்விடும்.

நிறுவனத்தின் பெயரில் பதிவு செய்வதாக இருந்தால் மேலே சொன்ன வரிக் கணக்கு பொருந்தாது. 1,600 சிசிக்கு மேல் நிறுவனக் கார்களுக்கு அதைவிட உயர்ந்த விகிதம் உண்டு. அப்போது கேம்ரியின் நிலை இன்னும் மோசமாகும்.