90 வாங்கியும் சராசரி ஏன் இரண்டுதான் ஏறியது?

*மஞ்சக்குப்பத்தில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினெட்டு பேர். சனிக்கிழமைதோறும் கணக்குத் தேர்வு வைத்து ஒவ்வொருவர் சராசரியையும் நோட்டில் எழுதி வருகிறேன். ஒவ்வொரு வாரமும் முதலிலிருந்து கூட்டிக் கை ஓய்கிறது. சுலபமான வழி உண்டா? எட்டுத் தேர்வில் 72 சராசரி வைத்திருந்த பையன் போன வாரம் 90 வாங்கினான். சராசரி 74 தான் வந்தது. நான் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று அவன் அம்மா நினைக்கிறார். அவருக்கு என்ன சொல்வது?*

74 சரியான விடைதான். முதலிலிருந்து கூட்டாமலே அதை இப்படிக் கொண்டுவரலாம். புதிய மதிப்பெண் 90, பழைய சராசரி 72, வித்தியாசம் 18. இது ஒன்பதாவது தேர்வு, அதனால் 18-ஐ 9-ஆல் வகுத்தால் 2. அந்த இரண்டை 72-உடன் சேர்த்தால் 74. பையன் 90-க்குப் பதில் 45 வாங்கியிருந்தால் வித்தியாசம் 27, அதில் ஒன்பதில் ஒரு பங்கு 3. மதிப்பெண் சராசரிக்குக் கீழே இருப்பதால் கழிக்க வேண்டும், 69 வரும்.

நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ள:

புதிய சராசரி = பழைய சராசரி + (புதிய மதிப்பெண் − பழைய சராசரி) ÷ தேர்வுகளின் எண்ணிக்கை

எண்ணிக்கையில் இப்போது எழுதிய தேர்வும் சேர்த்தி. பெரும்பாலும் இங்கேதான் கை தவறும். பழைய தேர்வுகள் எட்டுதானே என்று 8-ஆல் வகுத்தால் 2.25 வந்து சராசரி 74.25 ஆகிவிடும்.

ஏன் ஒன்பது என்பதற்கு ஒரு சின்னக் கதை சொல்லலாம். அந்த அம்மாவிடமும் இதையே சொல்லுங்கள். எட்டு பேர் ஆளுக்கு 72 ரூபாய் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒன்பதாவது ஆள் 90 ரூபாயோடு வந்து சேர்கிறார். எல்லோரிடமும் ஒரே தொகை இருக்க வேண்டும் என்றால் அவர் தன் பங்குக்கு 72-ஐ வைத்துக்கொண்டு மிச்சம் 18-ஐப் பிரித்துக் கொடுக்க வேண்டும். எட்டு பேருக்கு மட்டும் கொடுத்தால் அவருக்குக் குறைந்துபோகும். தன்னையும் சேர்த்து ஒன்பதாகப் பிரித்தால் ஆளுக்கு இரண்டு ரூபாய். இப்போது ஒன்பது பேரிடமும் 74. பையன் கூடுதலாக வாங்கிய 18 எங்கும் காணாமல் போகவில்லை, ஒன்பது தேர்வுகளிலும் இரண்டிரண்டாகப் பரவியிருக்கிறது.

ஒரு தேர்வு சராசரியை எவ்வளவு இழுக்கும் என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. அதே 18 வித்தியாசம் இரண்டாவது தேர்வில் வந்தால் சராசரி 9 நகரும். ஒன்பதாவதில் 2, பதினெட்டாவதில் 1, முப்பத்தாறாவதில் அரை. ஜூன் மாதத்தில் சராசரி ஊஞ்சல் மாதிரி ஆடும், பிப்ரவரியில் ஆட்டுக்கல் மாதிரி உட்கார்ந்துவிடும். பையன் மாறவில்லை, வகுக்கும் எண்தான் மாறியிருக்கிறது. ஜூனில் இறங்கினால் பதறும் பெற்றோரும், ஜனவரியில் ஏறவில்லையே என்று கோபப்படும் பெற்றோரும் இந்த ஒன்றைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள்.

இதையே திருப்பிப் போட்டால் இலக்கு வைக்கவும் உதவும். பையன் அடுத்த சனிக்கிழமை சராசரியை 76 ஆக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 74-லிருந்து இரண்டு ஏற வேண்டும், அது பத்தாவது தேர்வு, ஆக சராசரிக்கு மேல் 20 வேண்டும்: 94. கஷ்டம், ஆனால் முடியும். 77 வேண்டும் என்றால் 30 மேலே, அதாவது 104. நூற்றுக்கு நடக்கும் தேர்வில் அது நடக்காத காரியம். "அடுத்த வாரமே 80-க்கு ஏத்திக் காட்டு" என்று பிள்ளையிடம் சொல்வதற்கு முன்னால் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்துவிட்டால் வீட்டில் பாதிச் சண்டை குறையும்.

சரி, காய்ச்சல் என்று ஒரு சனிக்கிழமை பையன் வரவில்லை, நீங்கள் பூஜ்யம் போட்டுவிட்டீர்கள். பத்தாவது தேர்வில் 74 குறைகிறது, பத்தால் வகுத்தால் 7.4, சராசரி 66.6. இந்தப் பள்ளம் நிரம்ப எத்தனை தேர்வு ஆகும்? பூஜ்யத்தால் ஏற்பட்ட குறை 74. இனி எல்லாத் தேர்விலும் 90 வாங்கினாலும் ஒவ்வொன்றும் 74-க்கு மேல் 16 தான் கொண்டுவரும். நான்கு தேர்வுக்கு 64, போதாது. ஐந்தாவது தேர்வில்தான் 74-ஐத் தாண்டும். ஒரு நாள் காய்ச்சலுக்கு ஐந்து வாரம் 90! என்னைக் கேட்டால், வராத தேர்வுக்குக் கோடு போட்டுவிட்டு அந்தப் பிள்ளைக்கு மட்டும் எண்ணிக்கையைக் கூட்டாமல் விடுவதுதான் நியாயம். வேண்டுமென்றே மட்டம் போடுகிறவனுக்குப் பூஜ்யம் போடுவது உங்கள் விருப்பம்.

கோடு போட்டால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். எண்ணிக்கை இனி ஆளுக்கு ஆள் மாறும். இது பதினைந்தாவது வாரம் என்பதற்காக எல்லோருக்கும் 15-ஆல் வகுத்துவிடக் கூடாது. இரண்டு தேர்வு எழுதாதவனுக்கு 13, நடுவில் வந்து சேர்ந்தவளுக்கு அவள் எழுதியது எத்தனையோ அத்தனை. அதனால் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் எண்ணிக்கைக்கு என்று ஒரு கட்டம் இருக்கட்டும். அப்புறம், சில தேர்வு 25 மதிப்பெண்ணுக்கும் சில 100-க்கும் நடந்தால் எல்லாவற்றையும் நூற்றுக்கு மாற்றிய பிறகே இந்தக் கணக்கில் சேருங்கள்.

இந்த முறையில் நானே விழுந்த ஒரு குழி உண்டு. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போய் ஒரு பள்ளியில் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். கன்னியக்கோயில் தாண்டுவதற்குள் ஒரு வகுப்பின் சராசரிகளை மனத்திலேயே போட்டு முடித்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பஸ் குலுங்கலில் புள்ளி வைத்து எழுதச் சோம்பல்பட்டு ஒவ்வொரு முறையும் முழு எண்ணாக்கி எழுதிவிடுவேன். பத்தொன்பது தேர்வு முடிந்து 70-ல் இருந்த ஒரு பெண் அதன் பிறகு தொடர்ந்து 79, 79 என்று வாங்க ஆரம்பித்தாள். வித்தியாசம் 9, இருபதாவது தேர்வு, 0.45 ஏற வேண்டும். 70.45, முழு எண்ணாக்கினால் 70. அடுத்த தேர்விலும் 9-ஐ 21-ஆல் வகுத்தால் அரைக்குக் கீழே, மறுபடி 70. இப்படிப் பத்துத் தேர்வு. என் நோட்டில் அவள் அசையவே இல்லை. "சார், நான் மேலே வரவே மாட்டேனா?" என்று அவள் கேட்டபோதுதான் உட்கார்ந்து மொத்தமாகக் கூட்டினேன். பத்தொன்பது எழுபது 1330, பத்து 79 என்றால் 790, ஆக 2120. அதை 29-ஆல் வகுத்தால் 73.1. மூன்று மதிப்பெண்ணை என் சோம்பல் விழுங்கியிருந்தது.

காரணம் இதுதான். எண்ணிக்கை ஏற ஏற ஒவ்வொரு தேர்வின் இழுப்பும் சிறிதாகிக்கொண்டே போகிறது. அது அரைக்குக் கீழே போனதும் முழு எண்ணாக்குவது அதை மொத்தமாகத் துடைத்துவிடுகிறது. அடுத்த வாரக் கணக்கு துடைத்த எண்ணிலிருந்து தொடங்குவதால் போனது திரும்பி வருவதில்லை. நோட்டில் ஒரு பிள்ளையின் சராசரி பல வாரம் ஒரே எண்ணில் நிற்கிறது, மதிப்பெண்களோ எல்லாம் அதற்கு ஒரே பக்கமாக இருக்கின்றன என்றால் இந்தக் கோளாறுதான் என்று சந்தேகப்படுங்கள். பெற்றோருக்குச் சொல்லும்போது வேண்டுமானால் முழு எண்ணாகச் சொல்லலாம். அடுத்த வாரக் கணக்குக்கு எடுக்கும் எண்ணில் இரண்டு தசமமாவது இருக்க வேண்டும்.

அதைவிட நல்லது, பெயருக்கு எதிரில் எண்ணிக்கை, மொத்தம், சராசரி என்று மூன்று கட்டம் வைத்துக்கொள்வது. பழைய மொத்தத்தோடு இந்த வார மதிப்பெண்ணை மட்டும் கூட்டி, புதிய எண்ணிக்கையால் வகுத்தால் போதும். இதிலும் முதலிலிருந்து கூட்டும் வேலை இல்லை, துடைபடுவதற்கும் எதுவும் இல்லை. இந்தப் பையனுக்கு மொத்தம் 576, அதோடு 90 சேர்ந்து 666, ஒன்பதால் வகுத்தால் 74. இதுவரை மொத்தம் எழுதாமல் விட்டிருந்தால் இந்த ஒரு முறை மட்டும் எல்லோருக்கும் கூட்டி எழுதிவிடுங்கள். வித்தியாசத்தை வகுக்கும் முறையைச் சரிபார்க்கவும், கேட்கிறவர்களுக்கு விளக்கவும் வைத்துக்கொள்ளலாம்.

மொத்தக் கட்டம் இருந்தால் தாளில் கூட்டல் பிழை தெரியவரும்போதும் வசதி. 90 என்று போட்டது உண்மையில் 81 என்றால் மொத்தத்தில் 9 குறைத்துவிட்டு மறுபடி வகுத்தால் தீர்ந்தது. அந்த வாரமே தெரிந்தால் சராசரி ஒன்று இறங்கும், பதினைந்தாவது தேர்வுக்குப் பிறகு தெரிந்தால் 0.6 இறங்கும்.

இன்னொன்று. பழைய சராசரியையும் புதிய மதிப்பெண்ணையும் கூட்டி இரண்டால் வகுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. 72-ம் 90-ம் சேர்த்துப் பாதி 81. அந்த அம்மாவும் மனத்தில் இப்படித்தான் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன். இதில் கடைசித் தேர்வுக்குப் பாதி எடை போய்விடும், அதற்கு முந்தியதற்குக் கால், அதற்கும் முந்தியதற்கு அரைக்கால். முதல் மாதத் தேர்வுகள் எழுதாதது போலவே ஆகிவிடும். சராசரி என்ற பெயரில் அதை எழுதக் கூடாது.

ஆனால் அவர் உண்மையில் கேட்க நினைப்பது "பையன் இப்போது எப்படிப் படிக்கிறான்" என்பதுதான் என்றால், அதற்கு வருடம் முழுவதற்குமான சராசரி சரியான ஆளே இல்லை. அவரிடம் 74-ஐக் காட்டும்போது பக்கத்திலேயே கடைசி நான்கு தேர்வின் சராசரியையும் எழுதிக் காட்டுங்கள். அதில் இந்த 90-க்கு நாலில் ஒரு பங்கு எடை இருக்கும்.