வகுத்தபோது காணாமல் போன தீர்வு: கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மாறிகளைப் பிரித்துத் தீர்க்கும் வகைக்கெழுச் சமன்பாடுகளைப் பற்றியவை.

இருபுறமும் தொகையிடும்போது இரண்டு மாறிலிகள் வர வேண்டாமா? ஒன்றை மட்டும் எழுதுவது ஏன்?

இரண்டும் வரத்தான் செய்யும். ஒன்றை மறுபுறம் கொண்டுபோனால் அவற்றின் வேறுபாடும் ஒரு மாறிலியே. ஒன்று போதும்.

dy/dx = 2xy² என்ற கணக்கில் y = −1/x² + C என்று விடை வந்தது. தவறு என்கிறார்கள். எங்கே தவறு?

விடையைச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்திருந்தால் கடிதம் எழுத வேண்டியிருந்திருக்காது. தொகையிட்ட அதே வரியில் மாறிலி வர வேண்டும்: −1/y = x² + C. அதன் பிறகு தலைகீழாக்கினால் y = −1/(x² + C). நீங்கள் C-ஐ மறந்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் ஒட்டவைத்திருக்கிறீர்கள். இன்னொன்றும் விட்டுப்போயிருக்கிறது. முதல் வரியிலேயே y²-ஆல் வகுத்தீர்கள்; y = 0 என்பதும் தீர்வுதான். உங்கள் விடையில் அது எங்கே?

dy/dx = y² − 4, y(0) = −2. பகுதிப் பின்னம் போட்டுத் தொகையிட்டு, நிபந்தனையைப் பிரதியிட்டால் பகுதி பூச்சியமாகிறது. “தீர்வு இல்லை” என்று எழுதினேன். வழிகாட்டி நூலிலும் அப்படித்தான் இருக்கிறது.

அந்த நூலை மூடி வையுங்கள். பல ஆண்டுகளாக விடைத்தாள் திருத்தியவன் நான். இந்த ஒரு தவறைப் பார்க்கும்போது வரும் வருத்தம் வேறெதிலும் வருவதில்லை. விடை கண்ணெதிரே நிற்கிறது: y = −2. எப்போதும் −2. அதன் வகைக்கெழு பூச்சியம். வலப்பக்கம் 4 − 4, அதுவும் பூச்சியம். கணக்கு முடிந்தது, தொகையீடே தேவையில்லை.

எங்கே தொலைந்தது என்று பார்ப்போம். நீங்கள் எழுதிய முதல் வரி dy/(y² − 4) = dx. இந்த வரியை எழுதிய கணமே y = 2, y = −2 என்ற இரண்டு மதிப்புகளையும் வெளியே தள்ளிவிட்டீர்கள், ஏனெனில் அங்கே பகுதி பூச்சியம். தொகையிட்டால் கிடைப்பது

(y − 2)/(y + 2) = C·e^(4x)

இதில் C என்பது மடக்கையை நீக்கும்போது வந்த எண். முறையாகப் பார்த்தால் அது பூச்சியமாக இருக்க முடியாது. ஆனாலும் C = 0 போட்டால் y = 2 திரும்பி வந்துவிடுகிறது. y = −2 மட்டும் எந்த C-க்கும் வராது. அதே சமன்பாட்டைத் தலைகீழாக, (y + 2)/(y − 2) = K·e^(−4x) என்று எழுதிப் பாருங்கள். இப்போது K = 0 போட்டால் −2 வருகிறது, 2 தொலைகிறது. எது தொலையும் என்பது நீங்கள் எழுதும் விதத்தைப் பொறுத்து மாறுகிறது என்றால், “மாறிலியில் தானாக வந்துவிடும்” என்று நம்பி இருக்க முடியுமா?

எனவே வகுக்கும் முன் எழுதுங்கள். எதனால் வகுக்கப் போகிறோமோ அதைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தி, கிடைக்கும் மாறிலித் தீர்வுகளைத் தாளின் மேல்பகுதியில் எழுதிவிட்டுப் பிறகு வகுங்கள். அந்த வரி வீணாகாது. y(0) = 0 என்று தொடங்கினால் C = −1; y கீழே இறங்கும். x = 1-இல் ஏறக்குறைய −1.93, −2-ஐ நெருங்கிக்கொண்டே போகும், தொடாது. நீங்கள் தொலைத்த −2 என்ற கோடுதான் இந்த வளைவுக்குத் தரை. தரையை எழுதாதவருக்கு வளைவு எங்கே போய் நிற்கும் என்பது எப்படித் தெரியும்?

y′ = xy கணக்கில் மட்டுக்குறியை எல்லோரும் விட்டுவிடுகிறார்களே, விடலாமா?

விடக்கூடாது. |y| = e^c·e^(x²/2) என்று வருவதிலிருந்து மட்டுக்குறியை எடுத்தால் y = A·e^(x²/2), இதில் A = ±e^c; அதாவது A மிகையாகவும் குறையாகவும் இருக்கலாம், பூச்சியமாக இருக்க முடியாது. y = 0-ஐத் தனியாகச் சரிபார்த்துச் சேர்த்த பிறகுதான் “A எந்த மெய்யெண்ணும்” என்று எழுத உரிமை வருகிறது.

தொட்டியின் அடியில் துளை. நீர்மட்டம் dh/dt = −0.5√h (h செ.மீ., t நிமிடம்), தொடக்கத்தில் 100 செ.மீ. ஒரு மணி நேரம் கழித்து 25 செ.மீ. என்று வருகிறது. ஆனால் 40-ஆவது நிமிடத்திலேயே தொட்டி காலியாகிறதே?

சந்தேகப்பட்டீர்களே, அதுதான் வேண்டும். √h-ஆல் வகுத்துத் தொகையிட்டால் 2√h = 20 − 0.5t, அதாவது √h = 10 − t/4. இதுவரை சரி. 40 நிமிடத்துக்குப் பிறகு வலப்பக்கம் குறை எண்ணாகிறது. வர்க்கமூலம் குறையாக இருக்க முடியாது. நீங்கள் வர்க்கப்படுத்தி h = (10 − t/4)² என்று எழுதியதும் அந்த எச்சரிக்கை மறைந்துவிட்டது. t = 60-இல் (−5)² = 25, வெளியேறிய நீர் துளை வழியே திரும்பி ஏறியதுபோல. சமன்பாடோ மட்டம் ஏறவே முடியாது என்கிறது.

40-ஆவது நிமிடத்துக்குப் பின் உண்மையான தீர்வு h = 0, வகுக்கும்போது நீங்கள் தொலைத்த அதே மாறிலித் தீர்வு. பரவளையம் 40 வரை, கிடைக்கோடு அதற்குப் பின். இரண்டும் சேரும் இடத்தில் சாய்வு இரண்டிலும் பூச்சியம் என்பதால் இணைப்பில் முறிவு இல்லை.

முந்தைய கணக்கில் வளைவு −2-ஐத் தொடவில்லை, இங்கே மட்டும் எப்படித் தொட்டது? தொகையீட்டைப் பாருங்கள். 1/√h-ஐ 0 முதல் 100 வரை தொகையிட்டால் 20, முடிவுள்ள எண். அதனால் குறித்த நேரத்தில் பூச்சியத்தை அடைந்துவிடுகிறது. 1/(y² − 4)-ஐ −2 வரை தொகையிட்டால் முடிவிலி. அதனால் அடைவதே இல்லை. தொட முடிகிற இடத்தில் தீர்வு ஒன்றாக இருப்பதும் நின்றுபோகிறது. காலித் தொட்டியைப் பார்த்து அது எப்போது காலியானது என்று சொல்ல முடியாதல்லவா? பின்னோக்கிப் பார்த்தால் அந்தச் சமன்பாட்டுக்கும் அதே நிலைதான்.

dy/dx = x + y. மாறிகளை எப்படிப் பிரிப்பது? அவசரம்.

பிரிக்க முடியாது. u = x + y என்று வையுங்கள்; u′ = 1 + u ஆகும், அதைப் பிரிக்கலாம். அவசரம் என்றாலும் வகுக்கும் முன் எழுதுங்கள்: u = −1. அதைப் பழைய மாறிக்கு மாற்றினால் y = −x − 1 என்ற சாய்ந்த கோடு. மாறிலித் தீர்வு என்றதும் கிடைக்கோட்டை மட்டும் தேடுபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். மீதித் தீர்வுகள் y = Ce^x − x − 1.